பேசி அனுப்பிய மயக்க மருந்துக் குறிப்பைச் சார்ட்டில் ஏற்றுவது எப்படி?

திருமங்கலம் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் தியேட்டர் டெக்னீசியனாக இருக்கிறேன். மயக்க மருந்து டாக்டர் மதுரையிலிருந்து வருவார், கேஸ் முடிந்ததும் அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுவார். எப்போது என்ன கொடுத்தேன் என்று ஃபோனில் பேசி, பதிவு செய்து அனுப்புகிறார். அதைக் கேட்டு நான் சார்ட்டில் ஏற்ற வேண்டும். மருந்து, நேரம், டியூப், பிபி கிராஃப் எல்லாவற்றையும் எப்படிச் சரியாகக் கொண்டுவருவது?

நானும் மேலூருக்கும் உசிலம்பட்டிக்கும் இடையில் ஓடிக்கொண்டிருக்கிற மயக்க மருந்துக்காரன்தான், அதனால் உங்கள் டாக்டரின் அவசரம் எனக்குப் புரிகிறது. கேஸ் நடக்கும்போதே சார்ட் போடுவதுதான் முறை, பேசி அனுப்புவது அதற்கு மாற்று இல்லை. ஆனால் நீங்கள் கேட்டது கையில் வந்துவிட்ட பதிவை என்ன செய்வது என்பது, அதற்கு வருகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். டாக்டர் பேசுவது ஞாபகம் வந்த வரிசையில் இருக்கும், சார்ட் கடிகார வரிசையில் இருக்க வேண்டும். கேட்டுக்கொண்டே நேராகச் சார்ட்டில் எழுதினால் இரண்டும் குழம்பும். அதனால் நடுவில் ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளில் வரிக்கு ஒரு நிகழ்ச்சி மட்டும்: நேரம், என்ன நடந்தது, அளவு, அந்தத் தகவல் எங்கிருந்து வந்தது. இந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியம், அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். டாக்டர் வாயால் சொன்ன நேரம் ஒரு வகை, மானிட்டர் நினைவிலிருந்து எடுத்தது இன்னொரு வகை, இரண்டையும் வைத்து நீங்கள் கணக்குப் போட்டது மூன்றாவது வகை. மூன்றும் சார்ட்டில் ஒரே மாதிரி தெரியக்கூடாது.

ஒரு கேஸை எடுத்துப் பார்ப்போம். நான் அமைத்த உதாரணம்தான், ஆனால் இப்படித்தான் பதிவுகள் வரும்:

"லேப் கோலி, நாப்பத்திரெண்டு வயசு லேடி, அறுபது கிலோ. ஒன்பது பத்துக்கு உள்ள எடுத்தோம், பிபி நூத்திநாப்பது தொண்ணூறு, பல்ஸ் எண்பத்தெட்டு. மிடாஸ் ஒண்ணு, கிளைக்கோ பாயிண்ட் டூ, ஃபென்டா ரெண்டு சிசி. ஒன்பது இருபதுக்கு இண்டியூஸ் பண்ணினேன், ப்ரோபோ நூத்தியிருபது, அட்ரா முப்பது. மூணு நிமிஷம் மாஸ்க் பண்ணிட்டு ஏழு சைஸ் டியூப், இருபதுல ஃபிக்ஸ், ரெண்டு பக்கமும் ஏர் என்ட்ரி ஓகே, கேப்னோ வந்தது. டியூப் போட்டதும் பிபி நூத்தியறுபது நூறு போச்சு, அப்புறம் இறங்கிடுச்சு. ஒன்பது நாப்பதுக்கு சர்ஜன் ஆரம்பிச்சார். கேஸ் உள்ள விட்டதும் பல்ஸ் நாப்பத்தெட்டுக்கு விழுந்தது, பிபி எண்பது அம்பது. கேஸை எடுக்கச் சொல்லிட்டு அட்ரோபின் பாயிண்ட் சிக்ஸ் கொடுத்தேன், ரெண்டு நிமிஷத்துல தொண்ணூறுக்கு வந்திடுச்சு. அதுக்கு முன்னாடி அட்ரா ஒரு பத்து கொடுத்தேன், இல்ல இல்ல, அது பின்னாடி, பத்து மணி வாக்கில. சிஓடூ முப்பத்தெட்டு வரைக்கும் போச்சு, ரேட் கூட்டினேன். பத்து நாப்பதுக்கு முடிஞ்சது, நியோ ரெண்டரை கிளைக்கோ பாயிண்ட் ஃபைவ், பத்தே முக்காலுக்கு எக்ஸ்டியூபேட் பண்ணியாச்சு. பாக்கியெல்லாம் ஸ்டேபிள்."

முதல் முறை எழுதாமல் முழுவதும் கேளுங்கள். அட்ரா டாப்-அப் மாதிரி பாதியில் திருத்திச் சொல்வது ஒவ்வொரு பதிவிலும் இருக்கும். முதலில் சொன்னதை எழுதிவிட்டு அப்புறம் அடித்தால் சார்ட் பார்க்கச் சந்தேகமாக இருக்கும். இரண்டாவது முறை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, கடிகாரத்தோடு சொன்ன நேரங்களை மட்டும் தாளில் எழுதுங்கள். இந்தப் பதிவில் அவை 9:10, 9:20, 9:40, 10:40, 10:45. பத்து மணி வாக்கில என்பது கடிகார நேரம் இல்லை, அதை இந்த ஐந்தோடு சேர்க்காதீர்கள். மற்ற எல்லாமே இந்த ஐந்து ஆணிகளில்தான் தொங்கப்போகின்றன.

இனி மானிட்டர். டாக்டர் சொன்ன பிபி மொத்தமே மூன்று ரீடிங். ஒன்றரை மணி நேரக் கேஸுக்கு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் பதினெட்டு, பத்தொன்பது ரீடிங் இருக்க வேண்டும். அந்த மீதி மானிட்டரின் ட்ரெண்ட் பக்கத்தில் இருக்கிறது, கேட்டால் கிடைக்கும். பெரும்பாலான மானிட்டர்கள் கஃப் பிபியைத் தனிப் பட்டியலாகவும், பல்ஸ், சாச்சுரேஷன், கேப்னோ இவற்றை நிமிட வாரியாகவும் சேமித்து வைக்கும். ஆனால் சிலவற்றில் அணைத்தாலோ, அடுத்த நோயாளி என்று அழுத்தினாலோ எல்லாம் அழிந்துவிடும். அதனால் நோயாளியை ரெகவரிக்குத் தள்ளும் முன் ட்ரெண்ட் பக்கங்களை ஃபோனில் படமெடுத்துவிடுங்கள். படத்தில் நோயாளி பெயர் விழ வேண்டாம், ஐபி நம்பர் போதும். மானிட்டரும் சுவர்க் கடிகாரமும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் கட்டாயம் எடுங்கள்.

ஏன் என்றால், மானிட்டர் கடிகாரம் சரியாக ஓடுகிற தியேட்டர் அபூர்வம். கரண்ட் போய் வந்து, பேட்டரி இறங்கி, யாரும் திருத்தாமல் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நம் உதாரணத்தில் படத்தைப் பார்த்தால் சுவரில் 10:52, மானிட்டரில் 10:56, அதாவது மானிட்டர் நான்கு நிமிடம் முந்தி ஓடுகிறது. இதை டாக்டர் பேச்சை வைத்தும் சரிபார்க்கலாம். 140/90 என்று அவர் 9:10க்குச் சொன்ன ரீடிங், மானிட்டர் பட்டியலில் 9:14இல் இருக்கிறது. இரண்டு வழியிலும் நான்கு வந்ததால் நம்பலாம். ஒரு வழியில் நான்கும் இன்னொரு வழியில் பதினொன்றும் வந்தால், டாக்டர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம், இல்லை உத்தேசமாகச் சொல்லியிருக்கலாம். அப்போது அவரைக் கேட்காமல் மேலே போகாதீர்கள். சார்ட் முழுக்க ஒரே கடிகாரம் இருக்க வேண்டும். சுவர்க் கடிகாரத்தை வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் தியேட்டர் சிஸ்டர் எழுதும் நேரங்களும் அதிலிருந்துதான் வருகின்றன.

இப்போது கஷ்டமான இடம், பல்ஸ் விழுந்த சம்பவம். நாளைக்கு யாராவது இந்தச் சார்ட்டைத் திறந்தால் முதலில் பார்ப்பதும் இதைத்தான். வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு ஏற்றும்போது உள்சவ்வு இழுபடுவதால் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டுப் பல்ஸ் சட்டென்று விழும், இது தெரிந்த விஷயம். காற்றை வெளியேற்றி, தேவைப்பட்டால் அட்ரோபின் கொடுப்பதும் வழக்கமானதே. எது முதலில் நடந்தது, எவ்வளவு சீக்கிரம் நடந்தது என்பதைச் சார்ட் காட்ட வேண்டும். டாக்டர் இதற்கு ஒரு நேரமும் சொல்லவில்லை, விட்டதும் என்கிறார், ரெண்டு நிமிஷத்துல என்கிறார், அவ்வளவுதான்.

அதில் கேஸ் என்ற சொல்லையும் கவனியுங்கள். ஆபரேஷனும் கேஸ், வயிற்றுக்குள் விடுவதும் கேஸ், ஐசோஃப்ளூரேனையும் சிலர் கேஸ் என்பார்கள். இங்கே உள்ள விட்டதும் என்பதால் சந்தேகமில்லை. வெறும் கேஸ் ஆரம்பிச்சோம் என்று வந்தால் மூன்றில் எது என்று கேட்டுவிடுங்கள். டியூப்பும் அப்படித்தான், லேப் கேஸில் இரண்டாவதாக வரும் டியூப் பெரும்பாலும் ரைல்ஸ் டியூப், அதைக் காற்றுப்பாதை வரியில் ஏற்றிவிடாதீர்கள்.

சரி, நேரத்துக்கு வருவோம். சர்ஜன் ஆரம்பித்தது 9:40, ஆகவே காற்று விட்டது அதற்கு அப்புறம்தான். சிஸ்டரின் குறிப்பில் 9:42 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மானிட்டர் ட்ரெண்டின் நேரத்திலிருந்து அந்த நான்கு நிமிடத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் பல்ஸ் 9:42இல் 76, 9:43இல் 48, 9:44இல் 52, 9:45இல் 84, 9:46இல் 92. கஃப் பட்டியலில் 9:44க்கு ஒரு 80/50 இருக்கிறது. ஐந்து நிமிட வரிசையில் அது வராது, 9:40க்கும் 9:45க்கும் நடுவில் தனியாக நிற்கிறது, அதாவது டாக்டர் பதறிப்போய்க் கையால் பட்டனை அழுத்தி எடுத்திருக்கிறார். அவர் சொன்ன கதையும் இதுவும் பொருந்துகின்றன. அட்ரோபின் கொடுத்து இரண்டு நிமிடத்தில் தொண்ணூறு என்றால், 92 வந்த 9:46இலிருந்து பின்னால் எண்ணினால் 9:44. தாளில் இப்படி வரும்:

```
9:40  | சர்ஜரி ஆரம்பம்         |              | டாக்டர்
9:42  | வயிற்றில் காற்று ஏற்றம்  |              | சிஸ்டர் குறிப்பு
9:43  | பல்ஸ்                  | 48           | மானிட்டர் (-4)
9:44  | பிபி                   | 80/50        | மானிட்டர் (-4)
~9:44 | காற்று வெளியேற்றம்      |              | கணக்கு
~9:44 | அட்ரோபின் ஐவி          | 0.6 மி.கி.   | அளவு டாக்டர், நேரம் கணக்கு
9:46  | பல்ஸ்                  | 92           | மானிட்டர் (-4)
```

அந்த அலைக்குறியைச் சார்ட்டிலும் போடுங்கள். கையெழுத்துப் போடும்முன் டாக்டர் அந்த இடங்களை மட்டும் பார்த்து ஆமாம் என்றால் போதும், இல்லையென்றால் திருத்துவார். மானிட்டர் நினைவு கிடைக்காத கேஸில் 9:43 என்றெல்லாம் எழுதவே எழுதாதீர்கள். 9:40க்குப் பின், காற்று ஏற்றியவுடன், நேரம் குறிக்கப்படவில்லை என்று குறிப்புப் பகுதியில் சொற்களாக எழுதுங்கள். துல்லியமாகத் தெரிகிற பொய் நேரத்தைவிட அது எவ்வளவோ மேல்.

சிஓடூ முப்பத்தெட்டும் இதே ரகம். அது உச்ச அளவு, நேரம் இல்லை. ட்ரெண்டில் 38 எங்கே முதலில் வருகிறது என்று தேடிப் புள்ளி வையுங்கள். ட்ரெண்ட் இல்லையென்றால் அதிகபட்சம் 38, அதன்பின் மூச்சு எண்ணிக்கை கூட்டப்பட்டது என்று குறிப்பாக மட்டும்.

கிராஃபில் சிஸ்டாலிக்குக் கீழ்நோக்கிய கூர், டயஸ்டாலிக்கு மேல்நோக்கிய கூர், பல்ஸுக்குப் புள்ளி, இது உங்களுக்குத் தெரிந்ததுதான். 160/100 மானிட்டரில் 9:29, ஆகவே 9:25. அப்புறம் இறங்கிடுச்சு என்று டாக்டர் சொன்னதை நீங்கள் 120/80 ஆக்கக்கூடாது, பட்டியலில் 9:30க்கு என்ன இருக்கிறதோ அதுதான். பட்டியலில் ஒரு ரீடிங் இல்லையென்றால் அந்த இடத்தில் கோட்டை நிறுத்திவிட்டு அடுத்த ரீடிங்கில் புதிதாகத் தொடங்குங்கள். இரண்டு புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் நடுவிலும் அளந்ததாகத்தான் பார்க்கிறவர் எடுத்துக்கொள்வார். ஸ்டேபிள் என்ற சொல்லுக்குக் கிராஃபில் இடமே இல்லை. எத்தனையோ பழைய சார்ட்டுகளில் 120/80, 120/80 என்று தண்டவாளம் மாதிரி போகிற இரண்டு கோடுகளைப் பார்க்கிறேன், எந்த மனிதருக்கும் ஒன்றரை மணி நேரம் பிபி அப்படி நிற்காது. அந்தச் சார்ட்டில் உண்மையாக எழுதிய வரிகளையும் அப்புறம் யாரும் நம்ப மாட்டார்கள்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, மானிட்டர் சொல்வதெல்லாம் உண்மையில்லை. கஃப் கட்டிய கையிலேயே சாச்சுரேஷன் கிளிப்பும் இருந்தால், கஃப் இறுகும் ஒவ்வொரு முறையும் சாச்சுரேஷன் காணாமல் போகும், இல்லை விழுந்த மாதிரி காட்டும். டயதெர்மி ஓடும்போது இசிஜி வழியாக எண்ணும் ஹார்ட் ரேட் 180 என்று வரும், அதே நிமிடத்தில் சாச்சுரேஷன் கிளிப் காட்டும் பல்ஸ் 80 ஆக இருக்கும். சர்ஜன் கஃப் மேல் சாய்ந்தால் பிபி விசித்திரமாக வரும். இப்படிப்பட்ட எண்ணை நீங்களாக அழிக்கவும் வேண்டாம், நம்பிக் கோடு போடவும் வேண்டாம், தாளில் கேள்விக்குறியோடு எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். கோளாறு என்று அவர் சொன்னால் கிராஃபில் வட்டமிட்டுப் பக்கத்தில் காரணம் எழுதலாம். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், 48ஐக் கோளாறு என்று யாரும் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் அதே சமயம் பிபியும் விழுந்திருக்கிறது, மருந்தும் போயிருக்கிறது. உண்மையான சரிவு பெரும்பாலும் தனியாக வராது.

மருந்து வரியில் எனக்குப் பயமே அளவு பற்றித்தான். டாக்டர்கள் யூனிட் சொல்வதே இல்லை. ப்ரோபோ நூத்தியிருபது மில்லிகிராம், அட்ரா முப்பது மில்லிகிராம், இவற்றில் குழப்பம் இல்லை, அறுபது கிலோவுக்குக் கிலோவுக்கு 2 மி.கி., 0.5 மி.கி. என்று வழக்கமான அளவுதான். ஃபென்டா ரெண்டு சிசி என்பதுதான் வில்லங்கம். ஆம்பூலில் இருக்கும் ஃபென்டனில் மி.லி.க்கு 50 மைக்ரோகிராம், அப்படியே எடுத்திருந்தால் 100. பத்து மி.லி. சிரிஞ்சில் கலக்கி மி.லி.க்கு 10 ஆக்கியிருந்தால் அதே ரெண்டு சிசி வெறும் 20. பிபி விழுந்தால் கொடுக்கும் மெஃபென்டர்மினிலும் இதே கதை, ஒரு தியேட்டரில் மி.லி.க்கு 3 மி.கி. என்று கலக்குவார்கள், இன்னொன்றில் 6. அதனால் சிசி என்று கேட்டால் 2 மி.லி. என்று மட்டும் தாளில் எழுதி, சிரிஞ்ச் லேபிளைப் பார்த்த பிறகுதான் மைக்ரோகிராமாக மாற்றுங்கள். ஃபென்டனிலுக்கு இன்னொரு சாட்சியும் இருக்கிறது, நார்கோட்டிக் பதிவேட்டில் எத்தனை ஆம்பூல் எடுத்தது, எவ்வளவு கொட்டியது என்று இருக்குமே, அதோடு ஒத்துப்போக வேண்டும். நம் கேஸில் 2 மி.லி. ஆம்பூல் ஒன்று எடுத்து, மிச்சம் எதுவும் இல்லை என்று இருந்தால் 100 மைக்ரோகிராம் உறுதி.

கிலோவுக்கு இவ்வளவு என்ற கணக்கு சந்தேகத்தைக் கிளப்பத்தான், திருத்துவதற்கு இல்லை. அட்ரோபின் பாயிண்ட் சிக்ஸ் என்பது காதில் சிக்ஸ் என்று மட்டும் விழுந்தால், நம் ஊர் ஆம்பூலே 0.6 மி.கி. என்று உங்களுக்குத் தெரியும். அப்போதும் கேட்டுத்தான் எழுத வேண்டும். எழுதும்போது .6 வேண்டாம், 0.6 என்று முன்னால் சைபர் போடுங்கள், 5.0 வேண்டாம், வெறும் 5. மைக்ரோகிராமைச் சுருக்காமல் முழுசாக எழுதுங்கள். ஓடும் காரில் பேசிய பதிவில் ஒம்பதும் அம்பதும், நூத்திப்பத்தும் நூத்தம்பதும் ஒன்றுபோலவே கேட்கும். பிபி என்றால் மானிட்டர் தீர்த்து வைக்கும், மருந்து என்றால் ஒரு ஃபோன்தான் தீர்க்கும்.

காற்றுப்பாதை வரி சுருக்கமானது. ஏழு சைஸ், உதட்டில் 20 செ.மீ., இரண்டு பக்கமும் காற்று, கேப்னோ அலை. சொல்லாமல் விட்டது: கஃப் உள்ளதா, எத்தனை முயற்சி, லாரிங்கோஸ்கோப்பில் என்ன தெரிந்தது. பெரும்பாலானவர்களுக்கு முதல் முயற்சியிலேயே போய்விடுவதால் 1 என்று எழுதத் தோன்றும், எழுதாதீர்கள். இதே பெண்மணிக்கு அடுத்த முறை வேறு ஊரில் மயக்கம் கொடுப்பவர் இந்த வரியைத்தான் நம்பித் தயாராவார். டியூப் போட்ட நேரம் 9:20 கூட்டல் மூன்று, கொஞ்சம் முன்பின், ~9:23. எல்எம்ஏ போட்டு லீக் ஆகி டியூப்புக்கு மாறிய கேஸ் என்றால் இரண்டு வரி வேண்டும், எல்எம்ஏ எடுத்த நேரமும் சேர்த்து. கடைசியில் போட்டதை மட்டும் எழுதினால் நடுவில் சாச்சுரேஷன் ஏன் இறங்கியது என்பதற்குச் சார்ட்டில் பதிலே இருக்காது.

எல்லாம் முடிந்ததும் விட்டுப்போனவற்றை ஒரே தடவையாகக் கேளுங்கள், பத்துத் தடவை ஃபோன் அடித்தால் டாக்டர் எடுக்கவே மாட்டார். இந்தக் கேஸுக்கு நான் கேட்பது இவ்வளவுதான்: ஃபென்டனில் கலக்கியதா, அட்ரோபின் 9:44 சரியா, காற்றை எடுத்தபின் மறுபடி ஏற்றியது எப்போது, அட்ரா டாப்-அப் பத்து மணிக்கு முன்னா பின்னா, எத்தனை முயற்சி, எந்த ஐவி திரவம் எவ்வளவு, ஐசோவா சீவோவா, எப்போது நிறுத்தியது. ஐவி திரவமும் ஐசோ, சீவோ பேச்சும் பதிவில் வரவே இல்லை, கவனித்தீர்களா? தொடர்ந்து ஓடிக்கொண்டிருப்பதைப் பேசும்போது யாருக்கும் சொல்லத் தோன்றாது, ஊசியாகப் போட்டதுதான் ஞாபகத்தில் நிற்கும்.

சார்ட்டின் மேலே குரல் பதிவைக் கேட்டு எழுதியது, எழுதிய நேரம் 11:50 என்று போட்டு உங்கள் பெயரை எழுதுங்கள், கேஸ் நடந்தபோதே எழுதியது போலக் காட்ட வேண்டாம். டாக்டர் கையெழுத்தும் அவர் போட்ட நேரத்தோடு வேண்டும். அவர் திருத்தினால் ஒற்றைக் கோடு, கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும், வெள்ளை மை கூடாது. குரல் பதிவையும் மானிட்டர் படங்களையும் உங்கள் சொந்த ஃபோனில் விட்டுவிடாமல் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் ஐபி நம்பர் போட்டுச் சேமித்துவிட்டு ஃபோனிலிருந்து அழியுங்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிப்படி உள்நோயாளிப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும். அந்தத் தாளையும் சார்ட்டோடு சேர்த்தே வைத்துவிடுங்கள்.

டாக்டரிடம் ஒரு உதவி கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். காரில் ஏறியபின் பேசாமல், தியேட்டரிலேயே ஒவ்வொன்றும் நடக்கும்போது ஃபோனில் ஒரு வரி: முதலில் நேரம், அப்புறம் மருந்து, அளவு யூனிட்டோடு, எந்த வழி. "ஒன்பது நாப்பத்திநாலு, அட்ரோபின், பாயிண்ட் சிக்ஸ் மில்லிகிராம், ஐவி." மூச்சுவிடும் நேரத்தில் சொல்லிவிடலாம். இப்படி வந்தால் நான் மேலே சொன்ன கணக்கில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது, மானிட்டரின் நான்கு நிமிடத்தை மட்டும் கழித்தால் போதும். அந்த நான்கு நிமிடத்தையும் யாராவது மானிட்டர் செட்டிங்கில் போய்த் திருத்தினால் இன்னும் நல்லது, ஆனால் இரண்டு கேஸுக்கு நடுவில் திருத்துங்கள், கேஸ் ஓடும்போது தொட்டால் ட்ரெண்டில் ஒரே நேரம் இரண்டு தடவை வந்து நிற்கும்.